ஒரே விலை, இரண்டு ஏடுகள்

"என் ஆலையை, நானே ஆரம்பிக்கிற கம்பெனிக்கு நானே விக்கணுமா? இதுல யாரு யாருக்குக் காசு குடுக்கிறது சார்?"

தனியாளாகத் தொழில் நடத்தி வளர்ந்த ஒருவர் பிரைவேட் லிமிடெட் ஆக மாற நினைத்து ஆடிட்டர் முன் உட்காரும்போது, பெரும்பாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். கேட்பவருக்கு இது கேலிக்கூத்தாகத் தெரிகிறது. ஆள் அவரேதான், ஆலையும் அதேதான். வாசலில் பெயர்ப்பலகையில் இரண்டு சொல் கூடுகிறது, அவ்வளவுதானே என்று நினைக்கிறார்.

அவ்வளவு இல்லை. தனியாள் வணிகத்தில் சட்டத்தின் கண்ணுக்குக் கடை என்று தனியாக ஒன்று கிடையாது. கடையின் கடன் அவருடைய கடன்தான். கடை நொடித்தால் கடன் கொடுத்தவர் அவர் குடியிருக்கும் வீடு வரைக்கும் வரலாம். கம்பெனி அப்படியல்ல. பதிவான நாளிலிருந்து அது இன்னொரு நபர். தன் பெயரில் சொத்து வாங்கும், கடன்படும், வழக்குப் போடும். ஆகவே ஆலை கம்பெனிக்குப் போவது நிஜமான விற்பனை. விற்பனை என்றால் விலை வேண்டும். அந்த விலைக்குத்தான் கணக்கியலில் கொள்முதல் மறுபயன் என்று பெயர். விற்றவர் ஏட்டிலும் வாங்கியவர் ஏட்டிலும் தவறாமல் ஒன்றாக இருக்க வேண்டிய எண் அது ஒன்றே. மற்ற எண்கள் பலவும் இரண்டு ஏட்டிலும் வேறு வேறாக இருக்கும். அப்படி இருப்பதும் சரிதான். அது ஏன் என்பதைப் பார்க்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

விருதுநகர்ப் பக்கம் ஓர் எண்ணெய் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டி விற்கிற ஆலை. உரிமையாளரை அண்ணாச்சி என்றே சொல்லலாம். ஆளும் கற்பனை, எண்களும் கற்பனை. முறை மட்டும் நடப்பில் உள்ளது. 2025 மார்ச் 31 அன்று அவருடைய இருப்புநிலைக் குறிப்பு இப்படி இருக்கிறது. ஆலைக் கட்டடம் 12,00,000 ரூபாய். இயந்திரங்கள் 8,00,000. சரக்கிருப்பு 6,00,000. கடனுக்கு எண்ணெய் வாங்கிய கடைக்காரர்கள் தரவேண்டியது 5,00,000. வங்கியில் 1,00,000. ஆக மொத்தச் சொத்து 32,00,000. மறுபக்கத்தில் வங்கிக் கடன் 6,00,000, கடலையும் எள்ளும் கொடுத்த வியாபாரிகளுக்குத் தரவேண்டியது 4,00,000. மிச்சம் 22,00,000 அண்ணாச்சியின் முதல்.

இந்த ஆலையின் விலை 22 லட்சமா? இல்லை. ஏட்டில் இருப்பது பழைய கதை. கட்டடத்தை அவர் கட்டியபோது ஆன செலவில் ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து மிஞ்சியதுதான் அந்த 12 லட்சம். இன்று அதே இடத்தை 12 லட்சத்துக்கு யாரும் தரமாட்டார்கள். நேர்மாறாக, எக்ஸ்பெல்லர் இயந்திரத்துக்கு ஏட்டில் உள்ள விலை சந்தையில் கிடைக்காது. சரக்கில் கொஞ்சம் பழசாகிப்போன எண்ணெயும் இருக்கிறது. கடன்காரர் பட்டியலில் இரண்டு மூன்று பேர் போனை எடுப்பதே இல்லை.

ஆகவே கம்பெனி ஒவ்வொன்றையும் புதிதாக மதிப்பிடுகிறது. கட்டடம் 18,00,000, இயந்திரம் 7,00,000, சரக்கு 5,50,000 என்று முடிவாகிறது. கடைக்காரர்கள் பாக்கியில் 50,000 வராது என்று கொண்டு 4,50,000. வங்கி இருப்பு அதே 1,00,000. கூட்டினால் 36,00,000. இதில் கம்பெனி ஏற்கும் கடன்கள் 10,00,000. நிகரம் 26,00,000.

நிகரச் சொத்து முறையில் விலை கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் போடுவார்கள். ஆனால் ஆலையின் மதிப்பு செங்கல்லிலும் இரும்பிலும் மட்டும் இல்லை. கடைக்காரர்கள் அந்த டின்னைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அதற்கும் சேர்த்து விலை 30,00,000 என்று ஒப்பந்தமாகிறது. கம்பெனி அதை ரொக்கமாகத் தரப்போவதில்லை. பத்து ரூபாய் முகமதிப்புள்ள 3,00,000 பங்குகளை, முழுதும் செலுத்தப்பட்டதாக, அண்ணாச்சி பெயரில் ஒதுக்குகிறது. "யாரு யாருக்குக் காசு குடுக்கிறது" என்ற கேள்விக்கு இதுதான் பதில். காசு கைமாறவில்லை, ஆலை போனது, பங்கு வந்தது. (பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர் வேண்டும். கம்பெனி பதிவுக்காக அண்ணாச்சியும் அவர் மனைவியும் ரொக்கம் கட்டி எடுத்த சில பங்குகள் தனிக் கணக்கு. அவற்றை இங்கே சேர்க்கவில்லை.)

முதலில் அண்ணாச்சியின் ஏடு. இதை மூடவேண்டும். மூடுவதென்றால் கடைசிப் பக்கத்தில் கோடு போடுவது இல்லை. பேரேட்டில் இருக்கும் ஒவ்வொரு கணக்கும் பூஜ்யத்துக்கு வரவேண்டும். அதற்கென்று தற்காலிகமாக ஒரு கணக்கைத் திறக்கிறோம். ஆடிட்டர் அலுவலகங்களில் ரியலைசேஷன் என்பார்கள், தமிழில் தீர்வுக் கணக்கு எனலாம். விற்கும் சொத்து எல்லாம் அதன் பற்றுப் பக்கம், கம்பெனி ஏற்கும் கடன் எல்லாம் அதன் வரவுப் பக்கம். இரண்டும் பழைய ஏட்டு மதிப்பிலேயே போகும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கட்டடம் 18 லட்சத்துக்குப் போனது என்பதற்காக 18 லட்சத்தை எழுதிவிடுவார்கள். அண்ணாச்சியின் பேரேட்டில் கட்டடக் கணக்கில் நிற்பது 12 லட்சம். 18 லட்சத்தை வரவு வைத்தால் அந்தக் கணக்கு மூடாமல் 6 லட்சம் தலைகீழாக நிற்கும்.

குறிப்பேட்டுப் பதிவுகள் இப்படி வரும்:

பற்று: தீர்வுக் கணக்கு 32,00,000
வரவு: கட்டடம் 12,00,000; இயந்திரம் 8,00,000; சரக்கு 6,00,000; கடனாளிகள் 5,00,000; வங்கி 1,00,000

பற்று: வங்கிக் கடன் 6,00,000; கடனீந்தோர் 4,00,000
வரவு: தீர்வுக் கணக்கு 10,00,000

பற்று: கம்பெனி கணக்கு 30,00,000
வரவு: தீர்வுக் கணக்கு 30,00,000

மூன்றாவது பதிவோடு கம்பெனி அண்ணாச்சிக்கு 30 லட்சம் தரவேண்டிய கடனாளி ஆகிறது. இப்போது தீர்வுக் கணக்கைப் பாருங்கள். வரவுப் பக்கம் 40 லட்சம், பற்றுப் பக்கம் 32 லட்சம். வித்தியாசம் 8 லட்சம், ஆலையை விற்றதில் வந்த லாபம். அது வேறெங்கும் போக முடியாது, உரிமையாளரின் முதலுக்குத்தான் போகும்.

பற்று: தீர்வுக் கணக்கு 8,00,000
வரவு: முதல் கணக்கு 8,00,000

பற்று: கம்பெனியின் பங்குகள் 30,00,000
வரவு: கம்பெனி கணக்கு 30,00,000

பற்று: முதல் கணக்கு 30,00,000
வரவு: கம்பெனியின் பங்குகள் 30,00,000

முதலில் 22 லட்சமாக இருந்த முதல், லாபம் சேர்ந்து 30 லட்சம் ஆனது. கையில் உள்ள பங்கும் 30 லட்சம். கடைசிப் பதிவில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, ஏட்டில் எதுவும் மிஞ்சவில்லை. பங்குகள் தொழிலின் ஏட்டிலிருந்து வெளியேறி, அண்ணாச்சி என்ற தனிமனிதரின் சொந்தச் சொத்தாகிவிட்டன. கடைசியில் ஏதாவது ஒரு கணக்கில் ஓர் ரூபாயாவது நின்றால் எங்கோ தப்பு என்று அர்த்தம். தேடவேண்டிய முதல் இடம், கம்பெனி எடுத்துக்கொள்ளாத ஏதேனும் ஒரு சொத்து அல்லது கடன்.

இனிக் கம்பெனியின் ஏடு. இது புத்தம் புதிது, முதல் பக்கமே இதுதான்.

பற்று: வணிகக் கொள்முதல் கணக்கு 30,00,000
வரவு: விற்பவர் கணக்கு 30,00,000

பற்று: கட்டடம் 18,00,000, இயந்திரம் 7,00,000, சரக்கு 5,50,000, கடனாளிகள் 5,00,000, வங்கி 1,00,000, நற்பெயர் 4,00,000
வரவு: வங்கிக் கடன் 6,00,000, கடனீந்தோர் 4,00,000, ஐயக்கடன் ஒதுக்கு 50,000, வணிகக் கொள்முதல் கணக்கு 30,00,000

பற்று: விற்பவர் கணக்கு 30,00,000
வரவு: பங்கு முதல் 30,00,000

இங்கே எழுதுவது ஒப்புக்கொண்ட புதிய மதிப்பில். கம்பெனிக்கு அண்ணாச்சியின் பழைய செலவைப் பற்றிக் கவலையில்லை. தனக்கு என்ன விலைக்கு வந்தது என்பதுதான் அதற்கு முக்கியம். நிகரச் சொத்து 26 லட்சம், கொடுத்தது 30 லட்சம். கூடுதலான 4 லட்சம் நற்பெயர்.

இரண்டாவது பதிவில் ஒரு சின்ன இடத்தைக் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் பாக்கியை 4,50,000 என்று மதிப்பிட்டோம், ஆனால் பதிவில் 5,00,000 எழுதி, 50,000-ஐ எதிர்ப்பக்கத்தில் ஒதுக்காக வைத்திருக்கிறோம். நேரடியாக 4,50,000 எழுதினால் கூட்டல் சரியாகத்தான் வரும். ஆனால் யாருடைய பாக்கியில் அந்த 50,000-ஐக் குறைப்பது? கடைக்காரர் ஒவ்வொருவரும் தரவேண்டிய தொகை பழையபடிதான் இருக்கிறது. ஒருவர் 40,000 தரவேண்டியிருந்தால் புதுக் கம்பெனிக்கும் அவர் 40,000-தான் தரவேண்டும். வராமல் போகும் என்று நாம் பயப்படுவது நம் தரப்புச் சமாச்சாரம், அவர் கணக்கை அது தொடக்கூடாது.

இப்போது இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அண்ணாச்சி ஏட்டில் லாபம் 8 லட்சம். கம்பெனி ஏட்டில் நற்பெயர் 4 லட்சம். ஒரே விற்பனைதானே, ஏன் இந்த வித்தியாசம் என்று அண்ணாச்சி கேட்பார். மாணவர்களும் கேட்பார்கள், சில சமயம் வங்கி மேனேஜரும் கேட்பார். அந்த 8 லட்சத்தைப் பிரித்தால் விஷயம் விளங்கும். கட்டடம் ஏட்டைவிட 6 லட்சம் கூடுதலுக்குப் போனது. இயந்திரத்தில் 1 லட்சம், சரக்கில் 50,000, கடைக்காரர் பாக்கியில் 50,000 குறைந்தது. மறுமதிப்பீட்டில் நிகர ஏற்றம் 4 லட்சம். அதற்கு மேல் டின்னின் பெயருக்காக 4 லட்சம். கம்பெனிக்கு இரண்டாவது 4 லட்சம் மட்டும்தான் நற்பெயர். முதல் 4 லட்சம் அதன் ஏட்டில் கட்டடத்தின் விலைக்குள்ளேயே போய் அமர்ந்துவிட்டது. விற்றவர் தன் பழைய ஏட்டிலிருந்து அளக்கிறார், வாங்கியவர் இன்றைய மதிப்பிலிருந்து அளக்கிறார்.

இன்னும் வேடிக்கையான ஒன்று உண்டு. விலையை 24 லட்சம் என்று வைத்திருந்தால் என்ன ஆகும்? கம்பெனிக்கு 26 லட்சம் நிகரச் சொத்து 24 லட்சத்துக்குக் கிடைக்கிறது. அந்த 2 லட்சம் அதன் ஏட்டில் முதலினக் காப்பு என்ற பெயரில் வரவாக நிற்கும். பங்காதாயமாகப் பிரித்துக்கொள்ள ஏற்ற பணம் அல்ல அது. அண்ணாச்சிக்கு நஷ்டமா என்றால் அதுவும் இல்லை. 24-ம் 10-ம் 34, அதில் 32 போக அவருக்கும் 2 லட்சம் லாபம். ஒரே பேரத்தில் இருவருக்கும் ஆதாயம் காட்டும் இந்தப் பதிவைக் கண்டு முதல்முறை பார்ப்பவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டல் சரிதான். அவரவர் எங்கிருந்து அளக்கத் தொடங்கினார்கள் என்பதுதான் வேறு.

தன் கம்பெனிக்குத் தானே விற்கும்போது விலையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிவைக்கலாம் அல்லவா? எதிர்ப்பக்கம் பேரம் பேச ஆள் இல்லையே! இந்தக் கேள்விக்கு உலகமறிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. லண்டன் ஒயிட்சேப்பலில் தோல் பூட்ஸ் செய்து விற்ற ஆரன் சாலமன், 1892-இல் தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு ஏறத்தாழ 39,000 பவுண்டுக்கு விற்றார். அன்று கம்பெனிக்கு ஏழு உறுப்பினர் வேண்டும். அவர், மனைவி, ஒரு மகள், நான்கு மகன்கள், ஆக ஏழு பேர். குடும்பத்தார் ஆளுக்கு ஒரு பங்கு, மற்ற இருபதாயிரம் பங்கும் அவருடையது. அதோடு நிற்காமல், விலையில் 10,000 பவுண்டுக்குக் கம்பெனியின் சொத்தை ஈடாகப் பிடித்த கடன் பத்திரமும் வாங்கிக்கொண்டார். அதாவது தன் கம்பெனிக்கு அவரே ஈடு பெற்ற கடன்காரர்.

அடுத்த ஆண்டே கம்பெனி நொடித்துக் கலைப்புக்குப் போனது. ஈடு இல்லாமல் சரக்குக் கொடுத்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. சாலமனும் கம்பெனியும் ஒன்றே, அவரே எங்கள் கடனைக் கட்டவேண்டும் என்று வழக்கு நடந்தது. கீழ்க் கோர்ட்டுகள் அவருக்கு எதிராகவே சொன்னன. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. விலை மிகையாக இருந்தது என்பது நீதிபதிகளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் கம்பெனியின் உறுப்பினர் அனைவரும் விவரம் தெரிந்து சம்மதித்த விலை அது, கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள் என்றார்கள். இன்றைக்கும் கம்பெனிச் சட்டம் படிப்பவர்கள் முதலில் படிக்கும் தீர்ப்பு அது. என் கருத்தில், சட்டப்படி அது சரியான தீர்ப்பு. தோல் சப்ளை செய்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால் கசப்பான தீர்ப்பு.

மிகை விலை இன்றும் ஏட்டில் நற்பெயர் என்ற பெயரில்தான் வந்து உட்காரும். அண்ணாச்சி 30 லட்சத்துக்குப் பதில் 60 லட்சம் என்று எழுதியிருந்தால் நற்பெயர் 34 லட்சம் ஆகியிருக்கும். கம்பெனியின் பங்கு முதலும் 60 லட்சம் என்று பெருத்துத் தெரியும். இதைப் பார்த்து மயங்குவார் என்று வங்கியை நினைத்தால் அது நடக்காது. கடன் கேட்டுப் போகும்போது அவர்கள் முதலில் நற்பெயரைக் கழித்துவிட்டுத்தான் முதலைப் பார்ப்பார்கள். வரியிலும் அதனால் பயனில்லை. 2021-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குப் பிறகு நற்பெயருக்கு வருமான வரியில் தேய்மானம் கிடையாது. ரொக்கம் அல்லாத பொருளுக்காகப் பங்கு ஒதுக்கும்போது மதிப்பீட்டறிக்கையும் ஒப்பந்தமும் கம்பெனிப் பதிவாளரின் கோப்புக்குப் போகும். கைக்கு வந்த விலையை எழுதினால், அதற்கு என்ன ஆதாரம் என்று ஒருநாள் கேட்பார்கள்.

இப்போது வருமான வரிக்கு வருவோம். பாடப்புத்தகத்துக்கும் நடப்புக்கும் பெரிய பள்ளம் விழுவது இங்கேதான். பாடப்புத்தகக் கணக்குகளில் வழக்கமாக வருவது இப்படி: விலையில் பாதி பங்கு, கால்வாசி கடன் பத்திரம், மீதி ரொக்கம், கடனாளிகளையும் கடனீந்தோரையும் கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை, விற்பவருக்காக வசூல் மட்டும் செய்து கொடுக்கிறது. தேர்வுக்கு அருமையான கணக்கு அது. அண்ணாச்சி அதை அப்படியே செய்தால் வரி கட்டுவார்.

காரணம், ஆலை அவரிடமிருந்து கம்பெனிக்கு மாறுவது சொத்து மாற்றம். கட்டடத்தின் விலை ஏறியதற்கும் நற்பெயருக்கும் மூலதன ஆதாய வரி வரக்கூடும். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 47-ஆம் பிரிவின் 14-ஆவது உட்பிரிவு இதற்கு விலக்குத் தருகிறது. நிபந்தனைகள் மூன்று. தொழிலைச் சேர்ந்த எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் கம்பெனிக்குப் போகவேண்டும். கம்பெனியில் வாக்குரிமையில் பாதிக்குக் குறையாத பங்கு உரிமையாளரிடம் ஐந்து ஆண்டு இருக்கவேண்டும். அவர் பெறும் விலை பங்காக மட்டும் இருக்கவேண்டும்; நேராகவோ சுற்றிவளைத்தோ வேறு எந்தப் பலனும் பெறக்கூடாது. (1961 சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருவதால், அதற்குப் பிறகு மாறுகிறவர்கள் உரிய பிரிவை ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.)

மூன்றாவது நிபந்தனையில்தான் நிறையப் பேர் தெரியாமல் மாட்டுகிறார்கள். விலை 30 லட்சம், ஆனால் பங்கு முதலைச் சின்னதாக வைத்துக்கொள்வோமே என்று 20 லட்சத்துக்குப் பங்கு கொடுத்து, மீதி 10 லட்சத்தை உரிமையாளர் பெயரில் கடனாக வரவு வைத்துவிடுவார்கள். கணக்குப்பிள்ளைக்கு அது சாதாரணப் பதிவு. பற்று விற்பவர் கணக்கு 30,00,000, வரவு பங்கு முதல் 20,00,000, வரவு உரிமையாளரிடம் பெற்ற கடன் 10,00,000. இரண்டு பக்கமும் சமம், இருப்புநிலைக் குறிப்பும் ஒட்டுகிறது. ஆனால் அந்த 10 லட்சம் பங்கு அல்ல. நாளைக்கு அவர் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பணம். விலக்கு போய்விடும். சாலமன் செய்ததும் ஏறத்தாழ இதேதான். அவருக்கு அது பாதுகாப்பாக இருந்தது, அண்ணாச்சிக்கு வரியாக வரும். முகமதிப்பு குறைவாக இருக்கவேண்டும் என்றால் அதற்கு வேறு வழி உண்டு. பத்து ரூபாய்ப் பங்கைப் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒதுக்கினால் 2,50,000 பங்கிலேயே 30 லட்சம் தீர்ந்துவிடும். பங்கு முதல் 25 லட்சம், பத்திர முனைமம் 5 லட்சம். கொடுத்தது முழுதும் பங்குதான்.

முதல் நிபந்தனையும் அப்படித்தான். "அந்த மூணு கடைக்காரங்க பாக்கிய மட்டும் நானே வச்சுக்கிடுதேன், கம்பெனி கணக்குல சீக்கு எதுக்கு?" என்று அண்ணாச்சி சொல்லக்கூடும். நியாயமாகவே தோன்றும். ஆனால் எல்லாச் சொத்தும் என்றால் வராத பாக்கியும் சேர்த்துத்தான். வராதென்று பயந்தால் மேலே செய்தது போல ஒதுக்கு வைத்து விலையைக் குறைக்கவேண்டும், பட்டியலை விட்டு எடுக்கக்கூடாது. எடுக்கவேண்டியது வேறொன்று இருக்கிறது. தனியாள் ஏட்டில் வீட்டு ஃபிரிட்ஜும் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனும்கூட நுழைந்திருக்கும். அவை தொழிலைச் சேர்ந்தவை அல்ல என்பதால், விற்பதற்கு முன்பே முதல் கணக்கின் வழியாக அவற்றை வெளியேற்றிவிட்டுத்தான் தீர்வுக் கணக்கைத் திறக்கவேண்டும்.

வரி விலக்கைப் பற்றிக் கவலைப்படாமல், கடனாளிகளை உரிமையாளரிடமே விட்டுவிட்டு மாறுகிறவர்களும் உண்டு. அப்போது கம்பெனி வசூல் ஏஜெண்டு மாதிரி. கடைக்காரர் கம்பெனிக்குப் பணம் அனுப்பினாலும் அது விற்பவருடைய பணம். வங்கியில் பற்று வைத்து விற்பவர் கணக்கில் வரவு வைக்கவேண்டும். அவருடைய பழைய கடன்களைக் கம்பெனி தீர்த்தால் அதே கணக்கில் பற்று. கடைசியில் நிற்கும் தொகையை அவரிடம் கொடுத்துக் கணக்கை முடிக்கவேண்டும். இதைப் பிரித்து வைக்காமல், வந்த பணத்தையெல்லாம் கம்பெனியின் விற்பனை என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே அண்ணாச்சி பெயரில் வரி கட்டிய விற்பனைக்குக் கம்பெனியும் ஒருமுறை வரி கட்டும். முதல் இரண்டு மாதத்து விற்பனை ஜி.எஸ்.டி. விவரத்தோடு ஒட்டவில்லை என்றால் இந்தக் குழப்பம்தான் காரணமா என்று பாருங்கள்.

ஏட்டில் எழுதியதாலேயே எல்லாம் மாறிவிடாது. கம்பெனி ஏட்டில் கட்டடம் 18 லட்சம் என்று இருக்கலாம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிப் பதியாத வரை அந்த மண் அண்ணாச்சியின் பெயரில்தான் இருக்கும். இந்தச் செலவைக் கண்டு கட்டடத்தை மட்டும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தொழில் சொத்தாக ஏட்டில் இருந்ததை அப்படி நிறுத்திவைத்தால் முதல் நிபந்தனை என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே யோசிக்கவேண்டும். கடன்களும் அப்படித்தான். அண்ணாச்சி ஏட்டில் வங்கிக் கடன் பூஜ்யமானது அவருக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஏற்பாடு. வங்கி எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை அதற்குக் கடன்காரர் அவரேதான். கடலை வியாபாரிகளுக்கும் இது பொருந்தும்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை அப்படியே முழுதாக மாற்றினால் அந்த மாற்றத்துக்கு வரி கிடையாது. ஆனால் கம்பெனியின் பான் எண் வேறு என்பதால் புதிய பதிவு எடுக்கவேண்டும். பழைய பதிவில் மிஞ்சிய உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவம் வழியாகக் கம்பெனிக்கு மாற்றலாம். அதற்கு ஆடிட்டர் சான்றும், கடன் பொறுப்புகளும் சேர்ந்தே மாறுகின்றன என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருப்பதும் அவசியம். பழைய பதிவை அவசரமாக ரத்து செய்துவிட்டு அப்புறம் இந்தப் படிவத்தைத் தேடுகிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

ஐந்தாண்டு நிபந்தனையை மீறினால் வரி யாருக்கு என்பதையும் சொல்லவேண்டும். அண்ணாச்சிக்கு அல்ல. விலக்குப் பெற்ற ஆதாயம், மீறிய அந்த ஆண்டில் கம்பெனியின் வருமானமாகச் சேர்க்கப்படும். அப்போது கம்பெனியில் புதிதாகப் பணம் போட்ட கூட்டாளி இருந்தால், தான் வருவதற்கு முன் நடந்த விற்பனையின் வரிச் சுமையில் அவருக்கும் பங்கு விழும். ஆகவே கம்பெனியில் சேர வருகிறவர்கள் பழைய ஒப்பந்தத்தையும் அதன் தேதியையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

நம் உதாரணத்தில் ஆலை கைமாறியது 2025 ஏப்ரல் 1. அண்ணாச்சி 2030 மார்ச் 31 வரை பாதிக்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும். அதற்கு முன் மகன்கள் பெயருக்குப் பங்கை எழுதிவைக்க ஆசைப்பட்டால், தன் பங்கு பாதிக்குக் கீழே இறங்காத அளவுக்கு மட்டும் எழுதட்டும்.